ஆசிட்டுக்கு pH எட்டா? ஒரு பரீட்சைக் கேள்வியும் பத்து வருஷம் ஊறிய ஒரு கண்ணாடிக் குடுவையும்

போன எபிசோட் கொஞ்சம் நீளமாப் போயிடுச்சுன்னு நிறைய பேர் சொல்லியிருந்தீங்க. இந்த தடவை ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கேள்வி எனக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது ஆவடியில ஒரு டியூஷன் சென்டர்ல வந்துச்சு. ஸ்டேஷன் பக்கத்துல மாடியில ஒரு ஹால், மேல ஷீட் போட்ட கூரை, ஒரே ஒரு ஃபேன். ஞாயிற்றுக்கிழமை காலையில டெஸ்ட். மார்க் வரிசைப்படி பேர் எழுதி சுவத்துல ஒட்டுவாங்க, முதல் முப்பது பேர் மட்டும் தனி பேட்ச். அந்த வாரம் நான் முப்பத்தி ஒண்ணு.

என்னைக் கீழே தள்ளின கேள்வி இதுதான்: 10⁻⁸ மோலார் HCl கரைசலின் pH என்ன?

நான் பார்த்த உடனே 8-னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். pH-ன்னா ஹைட்ரஜன் அயனிச் செறிவோட மடக்கையை எடுத்து மைனஸ் போடணும். HCl வலிமையான அமிலம், தண்ணியில போட்டா முழுக்க உடைஞ்சிடும். அப்போ ஹைட்ரஜன் அயனி 10⁻⁸, pH எட்டு. ஃபார்முலாவுல எந்தத் தப்பும் இல்லை.

பேப்பரைக் கொடுக்கும்போது சார் கேட்டார்: "ஏன்டா, ஆசிட்டுல தண்ணி ஊத்திக்கிட்டே போனா அது சோப்புத் தண்ணி ஆயிடுமா?" ஹாலே சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், முப்பத்தி ஒண்ணாவது பேர் என்னுடையதா இல்லாம இருந்திருந்தா. ஏழுக்கு மேல போனா அது காரம். எவ்வளவு நீர்த்தாலும் அமிலம் காரமா மாறாது, அதிகபட்சம் வெறும் தண்ணி மாதிரி ஆகும். இது கணக்கே போடாம தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

இந்தக் கேள்வி ஒண்ணும் அந்த சார் கண்டுபிடிச்சது இல்லை. என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்துல இதே 10⁻⁸ கணக்கு இருக்கு. நம்ம தமிழ்நாடு பாடநூல்ல அயனிச் சமநிலை பாடத்துல 10⁻⁷ வச்சுப் போட்டிருக்காங்க. நுழைவுத் தேர்வுகளுக்கு இது ரொம்பப் பிடிச்ச பொறி. நாலு ஆப்ஷன்ல ஒண்ணு கண்டிப்பா 8-ஆத்தான் இருக்கும்.

சரி, எங்கே தப்பு? நான் தண்ணியை வெறும் பாத்திரம்னு நினைச்சேன். தண்ணியே கொஞ்சம் உடையும். ஒரு நீர் மூலக்கூறு இன்னொண்ணுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும், இந்தப் பக்கம் H⁺, அந்தப் பக்கம் OH⁻. 25 டிகிரி செல்சியஸ்ல சுத்தமான தண்ணியில ரெண்டுமே லிட்டருக்கு 10⁻⁷ மோல் இருக்கும். என் அமிலம் கொடுத்தது 10⁻⁸. அதாவது தண்ணிகிட்ட ஏற்கெனவே இருந்ததுல பத்துல ஒரு பங்கு. நான் பெருசை விட்டுட்டு சிறுசை மட்டும் எண்ணியிருக்கேன். 0.01 மோலார் HCl-ல இப்படிச் செஞ்சா யாருக்கும் தெரியாது, ஏன்னா அங்கே அமிலம் தரும் அயனி ஒரு லட்சம் மடங்கு அதிகம். 10⁻⁸-ல அது வெளிய வந்துடும்.

இதுல ரெண்டாவதா ஒரு தப்பு இருக்கு, முதல் தப்பைத் திருத்துறவங்க செய்யுறது. 10⁻⁷-உம் 10⁻⁸-உம் கூட்டு, 1.1 × 10⁻⁷, pH 6.96. எங்க ஹால்லயே பாதிப் பேர் இதைத்தான் எழுதியிருந்தாங்க. கிட்டத்தட்ட சரி, ஆனா சரி இல்லை. அமிலத்துல இருந்து ஹைட்ரஜன் அயனி வந்து சேர்ந்ததும், தண்ணி உடையுறது கொஞ்சம் குறையும். லீ சாட்லியர் தத்துவம்னு படிச்சோமே, அதேதான். மாறாம இருக்கிறது ஒண்ணே ஒண்ணு: H⁺ செறிவையும் OH⁻ செறிவையும் பெருக்கினா 25 டிகிரியில எப்பவும் 10⁻¹⁴ வரணும்.

தண்ணி தர்றதை x-னு வச்சுக்குவோம். OH⁻ முழுக்கத் தண்ணியில இருந்துதான் வருது, அதனால அது x. H⁺ ரெண்டு இடத்துல இருந்து வருது, அதனால அது 10⁻⁸ + x. ரெண்டையும் பெருக்கினா:

x² + 10⁻⁸x − 10⁻¹⁴ = 0

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு. தீர்த்தா x = 0.951 × 10⁻⁷. தண்ணி தன்னோட பங்கை ஐந்து சதவீதம் குறைச்சுக்கிட்டிருக்கு. மொத்த H⁺ 1.051 × 10⁻⁷. pH 6.98. ஏழுக்கு ஒரு நூலிழை கீழே. அமிலம், அமிலமாவே இருக்கு.

எங்கே இருந்து தண்ணியைக் கணக்குல எடுக்கணும்னு பார்க்க, நம்ம ஆளுங்களுக்காக அஞ்சு வரி:

```python
from math import sqrt, log10
for n in (5, 6, 7, 8, 9):
    c = 10**-n
    h = (c + sqrt(c*c + 4e-14)) / 2
    print(n, round(-log10(h), 3))
```

ஓட்டினா 10⁻⁵-க்கு 5.0, 10⁻⁶-க்கு 5.996, 10⁻⁷-க்கு 6.791, 10⁻⁸-க்கு 6.978, 10⁻⁹-க்கு 6.998 வரும். அதாவது 10⁻⁶ வரைக்கும் பழைய ஷார்ட்கட் போதும், அதுக்குக் கீழே போனா திடீர்னு உடையுது. அந்த 10⁻⁷ வரியில ஒரு குட்டி அதிசயம் இருக்கு. அங்கே H⁺ செறிவு 1.618 × 10⁻⁷. ஆமா, அதே தங்க விகிதம். சமன்பாடு x² + x − 1 = 0-னு சுருங்கிடுறதால வர்றது, வேற மர்மம் எதுவும் இல்லை. யூட்யூப்ல யாராவது பிரபஞ்ச ரகசியம்னு வீடியோ போடுறதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன்.

இதோட கெமிஸ்ட்ரி க்ளாஸ் முடிஞ்சுது. எனக்கு அப்போ தோணாத கேள்வி ஒண்ணு ரொம்ப நாள் கழிச்சுத் தோணுச்சு. இந்தக் கணக்கு முழுக்க 10⁻⁷-ங்கிற ஒரே எண் மேல நிக்குது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள்ல ஒண்ணோ ரெண்டோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். இதை யார் எண்ணினது? அதுவும் pH மீட்டர்னு ஒரு பொருளே இல்லாத காலத்துல?

பதில் எங்க வீட்டு சமையலறையில இருந்துச்சு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஆர்ஓ மெஷின் சர்வீஸ் பண்ண ஒருத்தர் வருவார். சட்டைப் பையில இருந்து பேனா மாதிரி ஒண்ணை எடுத்து, போர் தண்ணியில விடுவார், ஆயிரத்துச் சொச்சம் காட்டும். அப்புறம் ஆர்ஓ தண்ணியில விடுவார், நாப்பது காட்டும். "பாத்தீங்களாம்மா, டிடிஎஸ் எவ்ளோ குறைஞ்சிருக்கு"ன்னு அம்மாகிட்ட சொல்வார். அந்தப் பேனா உப்பை எண்ணுறது இல்லை. அதோட முனையில ரெண்டு சின்ன மின்முனைகள் இருக்கு, அதுங்க நடுவுல தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு அளந்து, ஒரு எண்ணால பெருக்கி, டிடிஎஸ்னு காட்டுது. அயனி இருந்தா கடத்தும், இல்லைன்னா கடத்தாது.

அந்தப் பேனாவோட கொள்ளுத் தாத்தா ஒரு ஜெர்மன்காரர், பிரீட்ரிஷ் கோல்ராஷ். ப்ளஸ் டூ மின்வேதியியல்ல "கோல்ராஷ் விதி" படிச்சோமே, அவரேதான். அவருக்கு முன்னாடி கரைசல்களோட மின்கடத்துத்திறனை அளக்கிறது பெரிய தலைவலி. பேட்டரியை மாட்டி நேர்மின்சாரம் விட்டா மின்முனைகள்ல வாயு சேரும், உலோகம் கரையும், ரீடிங் ஓடிக்கிட்டே இருக்கும். சில விற்பனையாளர்கள் ரெண்டு இரும்புக் கம்பியைத் தண்ணியில விட்டு கரண்ட் கொடுத்து, தண்ணி பழுப்பாகிறதைக் காட்டிப் பயமுறுத்துவாங்க இல்லையா? அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியில இருந்து கரைஞ்ச இரும்புதான். கோல்ராஷ் இந்தச் சிக்கலைத் தாண்டினது மாறுமின்சாரத்தால. திசை மாறிக்கிட்டே இருக்கிறதால முனையில எதுவும் சேர நேரமில்லை. ஆனா அந்தக் கால மீட்டர்கள் மாறுமின்சாரத்தைக் காட்டாது. அதுக்கு அவர் டெலிபோனை வச்சார். பிரிட்ஜ் சர்க்யூட்டைச் சரிசெஞ்சுக்கிட்டே ரிசீவரைக் காதுல வச்சுக் கேப்பாங்க. ரீங்காரம் அடங்குற இடம்தான் ரீடிங். புதுசா வந்த டெலிபோனை ஒரு ஆள் ஆய்வுக்கூடக் கருவியா மாத்தினது, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம்.

இந்தக் கருவியை வச்சுக்கிட்டு அவர் விடாம துரத்தினது ஒரு விசித்திரமான கேள்வி: சுத்தமான தண்ணி மின்சாரம் கடத்துமா? ஒவ்வொரு தடவை இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ணும்போதும் கடத்துத்திறன் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அப்படின்னா முழுசா சுத்தம் பண்ணினா பூஜ்யமாகுமா, இல்லை எங்கேயாவது நிக்குமா? நின்னா, அந்த மிச்சம் அழுக்கோடது இல்லை, தண்ணியோடது.

ரெண்டு எதிரிங்க இருந்தாங்க. ஒண்ணு காத்து. தண்ணியைத் திறந்து வச்சா கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு கார்பானிக் அமிலமாகும். அதனால வெற்றிடத்துல காய்ச்சி வடிச்சாங்க, அந்தத் தண்ணி காத்தைப் பாக்காமலே நேரா அளக்கிற குடுவைக்குள்ள போகும். ரெண்டாவது எதிரி அந்தக் குடுவையேதான். கண்ணாடியில இருந்து சோடியம் மாதிரி அயனிகள் மெதுவாக் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். இதுக்குக் கோல்ராஷ்கிட்ட இருந்த மருந்து பொறுமை. 1894-ல ஸ்ட்ராஸ்பர்க்ல அவரும் ஆடோல்ஃப் ஹைட்வைலரும் பயன்படுத்தின கண்ணாடி கிட்டத்தட்ட பத்து வருஷம் தண்ணியிலயே ஊறினது. கசிய வேண்டியதெல்லாம் கசிஞ்சு முடிஞ்ச கண்ணாடி. நமக்கு ஒரு பில்ட் பத்து நிமிஷம் ஆனா கோவம் வருது.

கடைசியில அது நின்னுச்சு. சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமென்ஸ்ல நூற்றில் நாலு பங்கு, 18 டிகிரியில. அதுக்குக் கீழே போகலை. இன்னைக்கு 25 டிகிரிக்கு நாம எடுத்துக்கிற மதிப்பு 0.055. இது எவ்வளவு குறைவுன்னு உணர நான் ஒரு கணக்குப் போட்டேன்: இந்தத் தண்ணியில ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு இருக்கிற மின்தடை, அதே குறுக்களவுள்ள தாமிரக் கம்பியில வேணும்னா கம்பி கிட்டத்தட்ட ஒரு கோடி கிலோமீட்டர் நீளம் இருக்கணும். பூமியை 250 தடவைக்கு மேல சுத்தலாம்.

இதுல இருந்து 10⁻⁷ எப்படி வருதுன்னு பாருங்க, ஒரே ஒரு வகுத்தல்தான். ஒரு மோல் H⁺-உம் ஒரு மோல் OH⁻-உம் சேர்ந்து எவ்வளவு கடத்தும்னு மற்ற கரைசல்கள்ல இருந்து தெரியும். கோல்ராஷ் விதியோட வேலையே அதுதான்: ஒவ்வொரு அயனிக்கும் தனித்தனிப் பங்கு, கூட்டிக்கலாம். 25 டிகிரியில H⁺-க்கு 350, OH⁻-க்கு 198, மொத்தம் 548. 0.055 மைக்ரோவை 548-ஆல வகுத்தா கன சென்டிமீட்டருக்கு 10⁻¹⁰ மோல். லிட்டருக்கு மாத்தினா 10⁻⁷. எங்க சாரோட ஆன்சர் கீ-ல இருந்த அதே எண்.

ஒரே ஒரு கருவி சொன்னா நம்பலாமா? 1893, 1894-ல நடந்ததுதான் அழகு. வேற வேற ஆட்கள் வேற வேற வழியில அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க. விய்ஸ்னு ஒருத்தர், மெத்தில் அசிடேட் எஸ்டரைத் தண்ணி எவ்வளவு வேகமா உடைக்குதுன்னு பார்த்துக் கணக்குப் போட்டார், சுமார் 1.2 × 10⁻⁷. அர்ஹீனியஸ் சோடியம் அசிடேட்டோட நீராற்பகுத்தலை வச்சுப் போட்டார், 1.1 × 10⁻⁷. ஓஸ்ட்வால்ட் ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் காரமும் வச்ச மின்கலத்தோட வோல்டேஜை வச்சுப் போட்டார். முதல்ல அவருக்கு ஏழு மடங்கு அதிகமா வந்துச்சு. ஒரு திருத்தம் விட்டுப்போச்சுன்னு நெர்ன்ஸ்ட் சுட்டிக்காட்டினதும், அதுவும் 10⁻⁷ பக்கத்துல வந்து உக்காந்துச்சு. ஒரு எஸ்டர், ஒரு உப்பு, ஒரு பேட்டரி, ஒரு டெலிபோன். நாலும் ஒரே பதில்.

இங்கே நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு எட்டு போயிட்டு வரலாம். கேள்வியோட மறுபாதி, "HCl முழுக்க உடைஞ்சிடும்"ங்கிறது, அர்ஹீனியஸ் காலத்துல யாரும் ஒத்துக்கலை. வலிமையான அமிலமும் உப்பும் கூட ஓரளவுதான் உடையும், நீர்க்க நீர்க்கத்தான் மீதி உடையும்னு அவர் நினைச்சார். முழுசா உடையுதுன்னு வச்சுக்கிட்டு ஒரு கோட்பாடு எழுதினவங்கள்ல ஒருத்தர் கல்கத்தாவைச் சேர்ந்த ஞான சந்திர கோஷ். 1918-ல, இருபது வயசு தாண்டி ரெண்டு மூணு வருஷத்துல. அவர் வரைஞ்ச படம், கரைசலுக்குள்ள அயனிகள் படிகம் மாதிரி அடுக்கி நிக்குதுங்கிறது, நிலைக்கலை. 1923-ல டெபையும் ஹூக்கலும் அதைவிட நல்ல விளக்கம் கொடுத்தாங்க. ஆனா முழுசா உடையுதுங்கிற அடித்தளம் நின்னுச்சு. கோஷ் பின்னாடி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும், ஐஐடி காரக்பூருக்கும் இயக்குநரா இருந்தார். என் பரீட்சைப் பேப்பர்ல "HCl முழுக்க உடையும்"னு நான் யோசிக்காம எழுதின ஒரு வரிக்குப் பின்னாடி இவ்வளவு சண்டை இருக்கு.

pH-ங்கிற பேரே 1909-லதான் வருது. கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பர்க் பீர் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல சோரன்சன் நொதிகளைப் பத்தி வேலை செஞ்சுக்கிட்டிருந்தார். 10⁻⁵, 10⁻⁷-னு எழுதுறது தொந்தரவா இருக்கு, அந்த அடுக்கை மட்டும் எழுதுவோம்னு ஆரம்பிச்சார். ரொம்ப வசதி. ஆனா என் தப்புல இந்த வசதிக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். 10⁻⁸-ன்னே பார்த்திருந்தா, "தண்ணிகிட்ட இருக்கிறதைவிடக் குறைவா இருக்கே"ன்னு ஒரு நொடி நின்னிருப்பேன். எட்டுன்னு பார்த்ததும் அது ஒரு சாதாரண, நல்ல, முழு எண்ணாத் தெரிஞ்சுது.

இப்போ கடைசிப் பகுதி. 6.98-ங்கிற பதிலை யாராவது மீட்டர்ல பார்த்திருக்காங்களா?

நான் முயற்சி பண்ணேன். அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை செய்யுற ஒரு காலேஜ் நண்பன்கிட்ட ஞாயித்துக்கிழமை ஒரு pH மீட்டர் கடன் வாங்கினேன். பேட்டரி வாட்டர் ஒரு கேன். ஏற்கெனவே அளவா நீர்த்து வச்ச HCl-ஐ, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணின்னு மறுபடி மறுபடி நீர்த்து 10⁻⁸ வரைக்கும் கொண்டு வந்தேன். மீட்டரை விட்டா 5.9. கொஞ்ச நேரத்துல 5.8. கலக்கினா 5.7. எங்கேயும் நிக்கவே இல்லை. அமிலமே சேர்க்காத வெறும் பேட்டரி வாட்டர்ல விட்டேன். அதுவும் அதே மாதிரி 5.8, 5.7-னு இறங்குச்சு. அங்கேதான் விஷயம் பிடிபட்டுச்சு. அமிலம் போட்டதும் போடாததும் ஒரே ரீடிங் காட்டுதுன்னா, நான் அளக்கிறது என் அமிலத்தை இல்லை.

அளந்தது காத்தை. கோல்ராஷோட முதல் எதிரி. இன்னைய காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சுத்தமான தண்ணியில கரைஞ்சு நிலைப்பட்டா pH சுமார் 5.6 வரும். ஹைட்ரஜன் அயனி 2.4 × 10⁻⁶. நான் போட்டது 10⁻⁸. என் அமிலத்தைவிட 240 மடங்கு அமிலத்தை மொட்டைமாடிக் காத்து இலவசமாப் போட்டிருக்கு.

வேடிக்கை என்னன்னா, சமன்பாடு அப்படியேதான் இருக்கு. 10⁻¹⁴ இருந்த இடத்துல சுமார் 6 × 10⁻¹² போட்டுக்கணும், அவ்வளவுதான். 10⁻⁸ அமிலம் சேர்த்தா pH 5.611-ல இருந்து 5.610 ஆகும். எந்த மீட்டருக்கும் அது தெரியாது. நூறு மடங்கு அதிகமா 10⁻⁶ சேர்த்தாக் கூட 5.61 போய் 5.52 ஆகும், புத்தகம் சொல்ற 6.00 இல்லை. திறந்த பீக்கர்ல இந்தக் கேள்வியைச் செஞ்சு பார்த்தா, தண்ணியோட அயனியாதலைக் கணக்குல எடுக்கணுமான்னு யோசிக்கிற கட்டத்துக்கே நாம வரமாட்டோம். அதுக்கு ரொம்ப முன்னாடியே காத்து வழியை மறிச்சுடும்.

ரீடிங் ஓடினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. pH மீட்டரோட கண்ணாடி முனை வேலை செய்ய கரைசல்ல ஓரளவு அயனி வேணும். இவ்வளவு சுத்தமான தண்ணியில மீட்டர் சர்க்யூட்டே தடுமாறும், போதாக்குறைக்கு முனைக்குள்ள இருக்கிற பொட்டாசியம் குளோரைடு மெதுவா வெளிய கசியும். அதனாலதான் சிப் தயாரிக்கிற இடங்கள்லயும் மருந்து ஆலைகள்லயும் தண்ணி எவ்வளவு சுத்தம்னு பார்க்க pH-ஐ நம்பி உக்கார மாட்டாங்க. மின்தடையைத்தான் பாப்பாங்க. "18.2 மெகாஓம் தண்ணி"ன்னு சொல்வாங்க. 1-ஐ 0.055 மைக்ரோவால வகுத்துப் பாருங்க, 18.2 மெகா வரும். கோல்ராஷ் முட்டி நின்ன அதே தரைதான், இப்போ ஒரு ஸ்பெசிஃபிகேஷனா பைப்ல ஓடுது. அதுவும் பைப்புக்குள்ளயேதான் அளப்பாங்க, டம்ளர்ல பிடிச்சு அளந்தா காத்து பட்டு உடனே இறங்கிடும்.

இதைப் பத்திப் போன மாசம் அந்த டியூஷன் சாரை ஸ்டேஷன்ல பார்த்தப்போ சொன்னேன். அவருக்கு என் முகம் ஞாபகம் இல்லை, கேள்வி ஞாபகம் இருந்துச்சு. "சரி சார், ஆனா 6.98 வர்றதுக்கு 25 டிகிரி இருக்கணுமே, நம்ம ஹால்ல எப்போ சார் 25 டிகிரி இருந்துச்சு?"ன்னு கேட்டேன். அவர் ரயில் வர்ற திசையைப் பார்த்துக்கிட்டே யோசிச்சார். தண்ணி சூடாக ஆக அதிகமா உடையும். 35 டிகிரியில பெருக்கல் 10⁻¹⁴ இல்லை, சுமார் 2.1 × 10⁻¹⁴. அப்போ சுத்தமான தண்ணியோட pH ஏழு இல்லை, 6.84. நடுநிலைக்கோடே கீழே இறங்கிடுது. அதே 10⁻⁸ HCl-க்கு அங்கே pH 6.824.

"அப்போ மே மாசம் ஷீட்டுக்குக் கீழே 6.98-னு எழுதினவன்..."ன்னு சார் ஆரம்பிச்சார்.

"6.84-க்கு மேல சார். காரம்னு எழுதினதா அர்த்தம்."

"பரவால்லடா, உனக்கு அப்பவும் மார்க் கிடையாது. நீ எட்டு எழுதினவன்"னு சொல்லிட்டு திருவள்ளூர் லோக்கல்ல ஏறிட்டார்.

அவ்வளவுதான் மக்களே இந்த வாரம். கோடை ஊத்துறீங்களா, காலண்டர்ல டெம்பரேச்சர் பாத்துட்டு `4e-14`-ஐ `8.4e-14`-ஆ மாத்தி ஓட்டிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.